விடைக்குறிப்பில் 24,600 பாதகம், எனக்கு 51,000 சாதகம்: நெகிழ்வு பட்ஜெட் கணக்கு

#1 கவின்_இன்டர்

பயிற்சித் தாளில் வந்த கணக்கு இது. துணிப்பை தைக்கும் ஒரு யூனிட். மாதத்துக்கு 10,000 பை என்று பட்ஜெட் போட்டிருக்கிறார்கள். தைத்து விற்றது 8,600 பை. ஆரம்ப, இறுதி இருப்பு எதுவும் இல்லை.

10,000 பைக்கான பட்ஜெட்:
விற்பனை (பைக்கு ரூ.120): 12,00,000
துணி (பைக்கு அரை மீட்டர், மீட்டர் ரூ.60): 3,00,000
தையல் கூலி (பைக்கு கால் மணி, மணிக்கு ரூ.80): 2,00,000
மின்சாரம், பராமரிப்பு: 90,000
வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், தேய்மானம்: 1,80,000

8,600 பைக்கு உண்மையில் ஆனது:
விற்பனை: 10,49,200
துணி (4,500 மீட்டர்): 2,74,500
கூலி (2,250 மணி): 1,75,500
மின்சாரம், பராமரிப்பு: 83,000
வாடகை முதலியன: 1,86,000

அடிக்குறிப்பாக, 8,000 பைக்கு மின்சாரம், பராமரிப்பு ரூ.82,000 ஆகும் என்று இருக்கிறது. "நெகிழ்வு பட்ஜெட் தயாரித்து மொத்தச் செலவு மாறுபாட்டைக் கூறுக" என்பது கேள்வி.

பட்ஜெட் செலவு 7,70,000. ஆன செலவு 7,19,000. 51,000 மிச்சம், ஆகவே சாதகம் என்று எழுதினேன். விடைக்குறிப்பில் 24,600 பாதகம் என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

#2 உமா_காஸ்டிங்

அச்சுப் பிழை இல்லை தம்பி. 10,000 பைக்கு ஒதுக்கிய பணத்தையும் 8,600 பைக்குச் செலவான பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். 1,400 பை தைக்கவே இல்லை. தைக்காத பைக்கு வாங்காத துணி உங்கள் கணக்கில் சிக்கனமாக மாறிவிட்டது. கேள்வியில் "நெகிழ்வு" என்ற சொல் இருப்பதே இதைத் தடுக்கத்தான். 8,600 பை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் எவ்வளவு ஒதுக்கியிருப்போம் என்று முதலில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மைச் செலவு அருகே வர வேண்டும்.

துணிக்கு 8,600 × 30 = 2,58,000. கூலிக்கு 8,600 × 20 = 1,72,000. வாடகை வகை 1,80,000 அப்படியே இருக்கும். மின்சாரத்தில் மட்டும் ஒரு பகுதி நிலை, இன்னொரு பகுதி மாறும். அதை நீங்களே பிரித்துப் பாருங்கள், அடிக்குறிப்பு அதற்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள். சரியாகப் பிரித்தால் மொத்தம் 6,94,400 வரும். 7,19,000 அதைவிட 24,600 கூடுதல்.

#3 செல்வம்_பிகாம்

இவ்வளவு சுற்ற வேண்டாம். 8,600 என்பது 10,000-இல் 86 சதவீதம். மொத்த பட்ஜெட் 7,70,000-ஐ 0.86-ஆல் பெருக்கினால் 6,62,200. இதுதான் நெகிழ்வு பட்ஜெட். மாறுபாடு 56,800 பாதகம். விடைக்குறிப்பு தவறு என்றுதான் நினைக்கிறேன். ஒரு பைக்கு நிலைச் செலவு 18 ரூபாய்தானே? 8,600 பைக்கு 1,54,800-க்கு மேல் எப்படி ஒதுக்குவது?

#4 உமா_காஸ்டிங்

செல்வம், ஒரு பைக்கு 18 ரூபாய் என்பது 10,000 பை தைத்தால் மட்டும் உண்மை. கட்டட உரிமையாளர் பைக்கணக்கில் வாடகை வாங்குவதில்லை. 8,600 பை தைத்த மாதமும் 1,80,000 கொடுத்தே ஆக வேண்டும். அதை 1,54,800 என்று குறைத்து எழுதிவிட்டு, பிறகு மேற்பார்வையாளரைப் பார்த்து "31,200 கூடுதலாகச் செலவு செய்தீர்கள்" என்று சொன்னால் அது நியாயமில்லை. உண்மையில் ஏறியது 6,000 மட்டுமே.

ஆனால் நீங்கள் சொல்லும் 1,54,800 வேறு ஓர் இடத்தில் சரியான எண்தான், அதனால்தான் இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது. நிலைச் செலவைப் பைக்கு 18 வீதம் ஏற்றும் முறையில், அதாவது முழு அடக்கவிலை நியமச் செலவியலில், 8,600 பை 1,54,800-ஐத்தான் உள்வாங்கும். மீதி 25,200 உற்பத்தி அளவு மாறுபாடு என்ற தனிப் பெயரில் வரும். நெகிழ்வு பட்ஜெட் கேள்வியில் அதற்கு இடம் கிடையாது. "உள்வாங்கப்பட்ட", "ஏற்பு வீதம்" என்ற சொற்கள் கேள்வியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் வழி, இல்லாவிட்டால் 1,80,000.

#5 கவின்_இன்டர்

மின்சாரத்துக்கு நான் 90,000 × 0.86 = 77,400 என்று எழுதினேன். ஆனது 83,000, ஆக 5,600 பாதகம். இது சரியா அக்கா?

#6 உமா_காஸ்டிங்

இல்லை. இந்த வரியில் எண் மட்டும் பிசகவில்லை, குறியே தலைகீழாகிவிட்டது. இரண்டு அளவுகளை எடுங்கள். 10,000 பைக்கு 90,000. 8,000 பைக்கு 82,000. பையில் வித்தியாசம் 2,000, பணத்தில் 8,000. ஆக ஒரு பைக்கு 4 ரூபாய் மாறும் பகுதி. 10,000 பைக்கு அது 40,000, மீதி 50,000 பை தைத்தாலும் தைக்காவிட்டாலும் வரும் பகுதி. 8,000 பையில் சோதியுங்கள்: 50,000 + 32,000 = 82,000, பொருந்துகிறது.

8,600 பைக்கு 50,000 + 34,400 = 84,400. ஆனது 83,000. ஆக 1,400 சாதகம். உங்கள் முறையில் பராமரிப்புப் பிரிவு 5,600 வீணடித்தது. உண்மையில் அவர்கள் 1,400 மிச்சம் பிடித்தவர்கள்.

கேள்வியில் ஒரே செலவுக்கு இரண்டு உற்பத்தி அளவுகளில் தொகை கொடுத்திருந்தால், முதலில் ஒரு பைக்கு எவ்வளவு என்று இரண்டையும் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே விடை வந்தால் முழுக்க மாறும் செலவு. மொத்தமே மாறாவிட்டால் நிலைச் செலவு. இங்கே 9 ரூபாயும் 10.25 ரூபாயும் வருகிறது, மொத்தமும் மாறுகிறது. அதனால் கலப்பு.

#7 ராமநாதன்_ஓய்வு

அம்மா சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இந்த மேல்–கீழ் முறை, இரண்டு அளவுகளுக்கும் இடையில் நிலைச் செலவு படியேறவில்லை என்றால்தான் செல்லும். 9,000 பைக்கு மேல் இன்னொரு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டும், அதற்கு மாதம் 3,000 என்று கேள்வியில் ஒரு வரி ஒளிந்திருக்கலாம். அப்போது 90,000-இலிருந்து 3,000-ஐக் கழித்துவிட்டுத்தான் வித்தியாசம் எடுக்க வேண்டும். 87,000-க்கும் 82,000-க்கும் 5,000 வித்தியாசம், பைக்கு 2.50. நிலைப்பகுதி 62,000. 8,600 பைக்கு 83,500 ஆகிவிடும். அந்த வரியைப் படிக்காமல் விடுகிறவர்கள் அதிகம்.

#8 தர்ஷன்_யாழ்

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். எங்கட கூட்டுறவுச் சங்கத்தில இந்த வருசம் "பூச்சிய அடிப்படைப் பாதீடு" எண்டு சுற்றறிக்கை வந்திருக்கு. படிவத்தில போன வருசத் தொகை அச்சடிச்சிருக்கு, பக்கத்தில "அதிகரிப்பு" எண்டு ஒரு நிரல். இதில உற்பத்தி பூச்சியம் எண்டு வச்சு நீங்கள் மேல செய்த மாதிரி நெகிழ்த்தி எழுதுறதோ? அப்பிடி எண்டால் இந்தப் பைக் கணக்கில 2,30,000 தானே வரும்?

#9 ராமநாதன்_ஓய்வு

தம்பி, கணக்கு சரி, கேள்வி வேறு. 1,80,000-உம் 50,000-உம் சேர்ந்த 2,30,000 என்பது ஒரு பைகூடத் தைக்காத மாதத்தின் நெகிழ்வு பட்ஜெட். பூச்சிய அடிப்படை என்பதில் பூச்சியமாவது உற்பத்தி அல்ல. போன வருடத் தொகைக்கு இருக்கும் உரிமைதான் பூச்சியமாகிறது. போன ஆண்டு கொடுத்தோம் என்பதற்காக இந்த ஆண்டு ஒரு ரூபாயும் தானாக வராது.

உங்கள் படிவத்தில் போன வருடத் தொகையும் அதிகரிப்பு நிரலும் இருக்கின்றன என்றால், தலைப்பு எதுவாக இருந்தாலும் அது கூட்டல் முறைப் பாதீடுதான்.

இந்த முறையை 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் பீட்டர் பைர் வடிவமைத்தார். 1970-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூவில் அதைப் பற்றி எழுதினார். ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் அதை அங்கே கொண்டுவந்து, பிறகு 1977-இல் குடியரசுத் தலைவராக மத்திய அரசுத் துறைகளுக்கும் நீட்டினார். 1981-இல் ரேகன் நிர்வாகம் அதைக் கைவிட்டது. பைர் முதலில் கைவைத்தது அலுவலகப் பிரிவுகளிலும் ஆராய்ச்சிப் பிரிவிலும்தான் என்பதைக் கவனியுங்கள். தொழிற்சாலைத் தளத்தில் மூலப்பொருளுக்கு இது பெரிதாக உதவாது. ஒரு பைக்கு அரை மீட்டர் துணி வேண்டும் என்பதைப் பையின் அளவே தீர்மானித்துவிட்டது. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. விளம்பரம், பயிற்சி, வாகனம் போன்றவற்றில் எவ்வளவு போதும் என்று எந்த வரைபடமும் சொல்லாது. அங்கேதான் இது பயன்படும்.

#10 தர்ஷன்_யாழ்

சரி ஐயா, விளங்குது. அப்ப வாகனச் செலவுக்கு உண்மையான பூச்சிய அடிப்படையில என்னத்தை எழுதுறது?

#11 ராமநாதன்_ஓய்வு

எண்கள் விளக்கத்துக்கு மட்டும். சங்கத்துக்கு ஒரு வேன் இருக்கிறது; ஓட்டுநர், டீசல், காப்பீடு சேர்த்து மாதம் 38,000 என்று வையுங்கள். கூட்டல் முறையில் "போன வருடம் 38,000, டீசல் ஏறியதால் இப்போது 41,000" என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

பூச்சிய முறையில் முதல் கேள்வி, கடைகளுக்குச் சரக்கு எத்தனை முறை போக வேண்டும் என்பது. வாரம் மூன்று நடைக்குக் குறைந்தால் பால்பொருள் கெட்டுவிடும் என்றால், மாதம் 12 நடைதான் குறைந்தபட்சத் தொகுப்பு. அதை வேனில்தான் செய்ய வேண்டுமா? வாடகை வண்டி நடைக்கு 2,200 என்றால் 26,400-இல் முடிந்துவிடும். இரண்டாவது தொகுப்பு நாள்தோறும் நடை, மாதம் 26. வாடகை வண்டியில் அது 57,200, அங்கே சொந்த வேன் மலிவு. மூன்றாவது தொகுப்பு இரண்டாவது வேன், அதனால் எந்தெந்தக் கடைக்குக் காலையிலேயே சரக்கு போகும் என்ற பயனோடு சேர்த்து எழுத வேண்டும். இதே போல எல்லாப் பிரிவும் தொகுப்புகளைக் கொடுத்த பிறகு, அனைத்தையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தி, பணம் எங்கே தீர்கிறதோ அங்கே கோடு போடுவார்கள்.

இது தடுமாறும் இடமும் அதுதான். ஒவ்வொரு பிரிவும் தன் குறைந்தபட்சத் தொகுப்பையே பெரிதாக எழுதிவிடும், "இதற்குக் கீழே போனால் பிரிவையே மூட வேண்டும்" என்று. அடிப்படைத் தொகுப்புகள் எல்லாம் சேர்ந்து போன வருட மொத்தத்துக்கே வந்து நின்றால், வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். எழுதவும் வரிசைப்படுத்தவும் ஆகும் நேரமும் அதிகம். அதனால் பல இடங்களில் எல்லாப் பிரிவுகளையும் வருடாவருடம் எடுக்காமல், சுழற்சியில் சிலவற்றை மட்டும் எடுக்கிறார்கள்.

#12 செல்வம்_பிகாம்

அப்படியென்றால் நெகிழ்வு பட்ஜெட்டா, பூச்சிய பட்ஜெட்டா, எது சிறந்தது என்று கேட்டால் என்ன எழுதுவது?

#13 உமா_காஸ்டிங்

இரண்டும் ஒரே கேள்விக்கு விடை இல்லை. தொகையை எங்கிருந்து கொண்டுவந்தோம் என்பது ஒன்று, உற்பத்தி மாறும்போது அந்தத் தொகையை என்ன செய்வோம் என்பது இன்னொன்று. மேற்பார்வையாளர் எத்தனை பேர் வேண்டும் என்று பூச்சியத்திலிருந்து யோசித்து 1,80,000-க்கு வந்திருக்கலாம். பிறகு அதே தொகை நெகிழ்வு பட்ஜெட்டில் நிலைச் செலவாக உட்காரலாம். சரிநேர் எதிர், நெகிழ்வு பட்ஜெட்டுக்கும் நிலை பட்ஜெட்டுக்கும் இடையில். பூச்சிய முறைக்கும் கூட்டல் முறைக்கும் இடையில் இன்னொன்று. ஜோடியை மாற்றிப் போட்டுத்தான் பலவுள் தெரிவு வினாக்களில் சிக்க வைக்கிறார்கள்.

#14 கவின்_இன்டர்

இப்போது முழு அட்டவணையும் போட்டேன். சரி பாருங்கள்.

விற்பனை: நெகிழ்வு 10,32,000, உண்மை 10,49,200, 17,200 பாதகம்
துணி: 16,500 பாதகம்
கூலி: 3,500 பாதகம்
மின்சாரம்: 1,400 சாதகம்
வாடகை வகை: 6,000 பாதகம்

உண்மை பட்ஜெட்டைவிட அதிகம் என்றால் பாதகம் என்று எங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் லாபம் ஒத்துவரவில்லை.

#15 உமா_காஸ்டிங்

அந்த விதி செலவுக்கு மட்டும். விற்பனையில் அதிகம் வந்தால் சாதகம், ஏனென்றால் லாபம் கூடுகிறது. "அதிகம், குறைவு" என்று பார்க்காதீர்கள்; இந்த ஒரு வரியால் லாபம் ஏறியதா இறங்கியதா என்று ஒவ்வொரு வரியிலும் கேளுங்கள். இங்கே பை 122-க்குப் போயிருக்கிறது, 17,200 சாதகம்.

குறியைத் திருத்திவிட்டால் லாபம் தானாக ஒத்துவரும். நெகிழ்வு பட்ஜெட் லாபம் 10,32,000 − 6,94,400 = 3,37,600. உண்மை லாபம் 3,30,200. வித்தியாசம் 7,400 பாதகம். உங்கள் ஐந்து வரிகள்: 17,200 + 1,400 − 16,500 − 3,500 − 6,000 = −7,400. ஒரு குறி தவறினால் இந்த இடைவெளி அந்த எண்ணின் இரண்டு மடங்கு பிசகும். உங்களுக்கு 34,400 பிசகியிருக்கும், அதைப் பாதியாக்கினால் 17,200. குற்றவாளி வரி அங்கேயே தெரிந்துவிடும்.

மூல பட்ஜெட் லாபம் 4,30,000. அதற்கும் 3,37,600-க்கும் இடையே 92,400 பாதகம். விற்காத 1,400 பை, ஒவ்வொன்றுக்கும் 66 ரூபாய் பங்களிப்பு (120-இலிருந்து 30, 20, 4 கழித்தது). 1,400 × 66 = 92,400. ஆக, இந்த மாதத்தின் பெரிய அடி விற்பனை அளவில்தான். உங்கள் 51,000 "சாதகம்" இதை முழுவதும் மூடி மறைத்திருந்தது.

#16 செல்வம்_பிகாம்

ஒரு பைக்கு 43 ரூபாய் லாபம் வைத்துக் கணக்கிட்டால் 60,200 வருகிறதே? எங்கள் பேராசிரியர் லாபத்தை வைத்துத்தான் போடச் சொல்வார்.

#17 உமா_காஸ்டிங்

முழு அடக்கவிலை முறையில் அதுவும் சரி. அப்போது 1,400 பைக்கு உள்வாங்காத நிலைச் செலவு பைக்கு 23 வீதம் 32,200 தனியாகப் பாதகமாக வரும். 60,200 + 32,200 = 92,400. எந்த முறை என்பதைக் கேள்வியின் முதல் பத்தியில் தேடுங்கள். மின்சாரத்தின் நிலைப்பகுதி 50,000-ஐயும் சேர்த்துத்தான் 23 வருகிறது, #4-இல் பேசிய 18 வாடகை வகைக்கு மட்டும்.

#18 பானு_ஆடிட்

துணியையும் கூலியையும் இன்னும் உடைத்துப் பார்த்தீர்களா? இந்தக் கணக்கின் சுவையே அங்கேதான் இருக்கிறது. துணி மீட்டர் 61-க்கு வாங்கியிருக்கிறார்கள்: 4,500 மீட்டருக்கு ஒரு ரூபாய் வீதம் விலையில் 4,500 பாதகம். 8,600 பைக்கு 4,300 மீட்டர் போதும், 200 மீட்டர் கூடுதல், 60 வீதம் பயன்பாட்டில் 12,000 பாதகம்.

கூலி மணிக்கு 78: 2,250 மணிக்கு 2 ரூபாய் வீதம் 4,500 சாதகம். 2,150 மணி ஆக வேண்டிய இடத்தில் 100 மணி கூடுதல், 80 வீதம் 8,000 பாதகம்.

நான் படிப்பது இப்படி: குறைந்த கூலிக்குப் புதியவர்களை எடுத்தார்கள், அவர்கள் மெதுவாகத் தைத்தார்கள், வெட்டும்போது துணியும் வீணானது. 4,500 சாதகம் 20,000 பாதகத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சாதகம் என்று எழுதியிருப்பதற்காக ஆள் எடுத்தவருக்குப் பாராட்டு கொடுத்தால் தவறு.

#19 ராமநாதன்_ஓய்வு

அது இருக்கலாம். ஆனால் எண்கள் அதை நிரூபிக்கவில்லை. மோசமான துணிச்சுருள் வந்தாலும் இதே மாதிரிதான் காட்டும்: கறைபட்ட இடத்தை வெட்டி எறிவதில் 200 மீட்டர், திரும்பத் தைப்பதில் 100 மணி. அப்படியானால் பொறுப்பு கொள்முதல் பிரிவுடையது. இரண்டையும் பிரிக்க, வெட்டு மேசையின் கழிவுத் துணியைப் பாருங்கள். கறையும் ஓட்டையும் இருந்தால் சரக்கின் குறை, நல்ல துணி கோணலாக வெட்டுப்பட்டிருந்தால் ஆளின் குறை. தேர்வில் "சாத்தியமான காரணங்கள்" என்று கேட்டால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை மட்டும் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள்.

#20 பானு_ஆடிட்

துணி தரம் குறைந்தது என்றால் விலை 61-க்கு ஏறியிருக்குமா ஐயா? மலிவாக வாங்கினால்தானே தரம் குறையும்.

#21 ராமநாதன்_ஓய்வு

சந்தையே ஏறியிருக்கலாம். அந்த மாதம் நல்ல துணி எல்லா இடத்திலும் 63-க்குப் போயிருந்தால், 61 என்பது மட்டமான சரக்கின் விலை. அப்போது 60 என்ற பட்ஜெட் விலைதான் காலாவதியாகிவிட்டது. 63-ஐ வைத்து அளந்தால் கொள்முதல் 9,000 சாதகம், பட்ஜெட் போட்டவரின் கணிப்பு 13,500 பாதகம், கூட்டினால் அதே 4,500.

#22 உமா_காஸ்டிங்

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை ஐயா. கணக்கு சரிதான், திருத்திய விலையைக் கேள்வியே கொடுத்தால் செய்யலாம். நிறுவனத்தில் செய்தால் மாதக் கடைசியில் ஒவ்வொரு பாதகத்துக்கும் "சந்தை ஏறியது" என்று பட்ஜெட்டைத் திருத்தக் கேட்பார்கள். மட்டமான சரக்கை 61-க்கு வாங்கியவருக்கு 9,000 சாதகம் என்று எழுதுவதும் உறுத்துகிறது. ஒப்பிட வேண்டியது மட்டமான சரக்கின் சந்தை விலையோடு.

#23 கவின்_இன்டர்

என் தாளில் சந்தை விலை எதுவும் இல்லை, அதனால் 4,500 பாதகம் என்றே விடுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: 5,000 மீட்டர் வாங்கி 4,500 மட்டும் பயன்படுத்தியிருந்தால் விலை மாறுபாடு எந்த அளவுக்கு?

#24 உமா_காஸ்டிங்

துணி இருப்பை நியம விலையில் வைத்திருக்கிறார்கள் என்றால் வாங்கிய 5,000-க்கு, அதாவது 5,000 பாதகம். உண்மை விலையில் வைத்திருந்தால் பயன்படுத்திய 4,500-க்கு. பயன்பாட்டு மாறுபாடு இரண்டிலும் 12,000 பாதகம்தான். ஆனால் முதல் வழியில் விலையும் பயன்பாடும் சேர்ந்து 17,000 ஆகிவிடும், அட்டவணையின் 16,500-உடன் ஒத்துப்போகாது. அந்த 500, இருப்பில் கிடக்கும் 500 மீட்டருடையது. அதைப் பார்த்துக் கணக்கு தவறு என்று அடித்துவிடாதீர்கள்.